வாய்விட்டுப் படித்த பிறகுதான் பென்சில்

எங்கள் நாடகக் குழுவில் முதல் வாசிப்புக்கு வருகிறவர்கள் பென்சில் எடுத்து வரக்கூடாது. டைரக்டர் சார் வைத்த விதி அது. மாலை ஏழு மணிக்கு மேல் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வட்டமாக உட்காருவோம். ஸ்கிரிப்ட் கைக்கு வரும். முதல் தடவை எல்லோரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு முன்னால்தான் பென்சில் டப்பா சுற்றி வரும்.

குழுவில் சேர்ந்த புதிதில் இந்த விதி எனக்குப் புரியவில்லை. பேச்சுப் போட்டிகளில் பழகியவன் நான். கையில் தாள் கிடைத்ததும் எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்வது என் பழக்கம். அதனால் அந்த நாடகத்துக்கும் வீட்டிலேயே உட்கார்ந்து என் வசனம் முழுவதற்கும் குறி போட்டுவிட்டுப் போனேன். படிக்க ஆரம்பித்ததும் குறி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கமாகப் போனது. நிறுத்தக் கோடு போட்ட இடத்தில் மூச்சு நிறைய மிச்சமிருந்தது. கோடு இல்லாத இடத்தில் தீர்ந்துபோனது.

காரணம் எளிது. கண்ணால் படிக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. கண் ஒரு வரியைத் தாண்டும் வேகத்தில் வாய் தாண்ட முடியாது. மனசுக்குள் படிக்கும்போது இருபத்தைந்து சொல் உள்ள வாக்கியம்கூட ஒரே மூச்சில் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். அதையே மேடை வேகத்தில் சொல்லிப் பார்த்தால் 13 விநாடி ஆகிறது. சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கவும் விடவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கும். பேசும்போது கணக்கு மாறுகிறது: வெடுக்கென்று இழுத்து, நீளமாக விடுகிறோம். அந்த நீளம் எவ்வளவு என்பது தாளைப் பார்த்தால் தெரியாது, சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, அதில் குறி எப்படி வந்தது, எப்படி மாறியது என்று சொல்கிறேன். எங்கள் குழுவுக்காகவே எழுதிய நாடகம். நான் அப்பா வேஷம். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் மகன். அப்பா சொல்கிறார்:

> உங்கம்மா இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச அன்னிக்கு மழை பேஞ்சு கூடத்துல முழங்கால் அளவுக்கு நின்ன தண்ணியை ராத்திரி பூரா ஒத்தையா நின்னு இறைச்சுக் கொட்டினவ ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. நீ வித்துட்டுப் போகலாம்னு சொல்ற இந்த வீட்டை அவ வாங்கலை. காப்பாத்தினா.

முதல் வாக்கியம் 24 சொல். நடுவில் ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. எழுதியவர் வேண்டுமென்றே விட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்தச் சொல்லித் தந்தார்கள். நாடக வசனத்தில் அந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும். அச்சில் உள்ள காற்புள்ளி வாக்கியத்தின் அமைப்பைக் காட்டுகிறது. பேசுகிறவனின் மூச்சு எங்கே போகும் என்பதை அது சொல்வதில்லை.

முதல் தடவை படித்தபோது ‘நின்ன’ என்ற சொல்லோடு என் மூச்சு முடிந்தது. அங்கே இழுத்துக்கொண்டு ‘தண்ணியை’ என்று தொடர்ந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்திலேயே தெரிந்தது, எதுவோ உடைந்துவிட்டது என்று. ‘நின்ன’ என்பது பெயரெச்சம். அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற சொல். அதையும் ‘தண்ணியை’யும் பிரித்தால் கேட்பவர் ஒரு கணம் நின்றது யார் என்று தேட வேண்டியிருக்கிறது. ‘வச்ச அன்னிக்கு’, ‘நின்ன தண்ணி’, ‘சொல்ற வீடு’ எல்லாம் அப்படித்தான். எச்சத்தையும் அது தழுவும் பெயரையும் மூச்சு பிரிக்கக்கூடாது. எங்கள் ஸ்கிரிப்ட்களில் நடக்கும் மூச்சுத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடக்கின்றன. தமிழ் வாக்கியம் அடைமொழிகளை முன்னால் அடுக்கிவிட்டுப் பெயரைக் கடைசியில் கொண்டுவருவதால், மூச்சு தீருகிற நேரமும் பெயர் வருகிற நேரமும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன.

மூச்சு தீர்ந்த இடத்தில் குறி போடுவது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அது சரியில்லை. தீர்ந்த இடம் ஒரு தகவல், அவ்வளவுதான். குறி அதற்கு முன்னால் போக வேண்டும். ‘நின்ன’வில் தீருகிறது என்று தெரிந்தால், அதற்குப் பின்னோக்கி வந்து, பொருள் ஒரு கட்டு கட்டி முடிகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். இங்கே அது ‘அன்னிக்கு’. அந்த இடத்தில் நுரையீரலில் பாதிக் காற்று இன்னும் இருக்கும். இருந்தாலும் இழுத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படுவதற்கு முன்னால் எடுக்கிற மூச்சு சத்தம் போடாது. தீர்ந்த பிறகு எடுக்கிற மூச்சுக்குத் தோள் தூக்கும், தொண்டையில் ஒரு விக்கல்போல ஓசை வரும், மைக் இருந்தால் அது பின்வரிசை வரை கேட்கும்.

நாங்கள் போடும் குறிகள் கொஞ்சம்தான். இரட்டைக் கோடு போட்டால் மூச்சு எடு. ஒற்றைக் கோடு என்றால் நிறுத்து, ஆனால் மூச்சு எடுக்காதே. இரண்டு சொல்லை இணைத்து மேலே ஒரு வளைவு போட்டால் நிற்காமல் போ. அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. எல்லாம் பென்சிலில்தான், ஏனென்றால் முக்கால்வாசி அழியப்போகிறது.

இவற்றில் வளைவுக்குத்தான் அதிக வேலை. அச்சடித்த தாளில் ஒவ்வொரு வரியும் எங்கேயோ முடிகிறது. கண் அங்கே போய்த் திரும்பி அடுத்த வரிக்கு வரும் நேரத்தில் வாய் தன்னையறியாமல் நின்றுவிடுகிறது. என் தாளில் ‘ராத்திரி பூரா ஒத்தையா’ என்பதோடு ஒரு வரி முடிந்து, ‘நின்னு இறைச்சு’ அடுத்த வரியில் இருந்தது. மூன்று ஒத்திகை வரை ‘ஒத்தையா’வுக்குப் பிறகு நின்றேன், அது நடிப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிராம்ப்டர் தம்பியிடம் இருந்த பிரதியில் எழுத்து பெரிதாக இருந்ததால் வரிகள் வேறு இடத்தில் உடைந்திருந்தன. ஒரு நாள் என் தாளை வீட்டில் வைத்துவிட்டு அவன் பிரதியை வாங்கிப் படித்தபோது அந்த இடத்தில் நிற்கவே இல்லை, வேறு இடத்தில் நின்றேன். அன்றிலிருந்து வரிக்கடைசியில் நிற்கக் கூடாத இடத்தில் எல்லாம் ஓரத்திலிருந்து அடுத்த வரிக்கு ஒரு வளைவு இழுத்துவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் அதே வசனத்தை வேறு அகலத்தில் ஒரு முறை அச்சடித்துப் படித்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. நிறுத்தம் தாளோடு சேர்ந்து நகர்ந்தால் அது பொய் நிறுத்தம்.

அடுத்தது ஒற்று. ‘என்னைக் குறை’ என்று தாளில் இருக்கிறது. அந்தக் ‘க்’ இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்வதால் வருகிற ஓசை. ‘என்னை’க்குப் பிறகு நான் ஒற்றைக் கோடு போட்டுவிட்டு, ‘க்’கைத் தொடவில்லை. படிக்கும்போது ‘என்னைக்’ என்று சொல்லிவிட்டு நின்றேன், கதவில் விரல் மாட்டியதுபோல் இருந்தது. டைரக்டர் சார் தாளை வாங்கி அந்த எழுத்தை அடித்தார். “நிக்கிறதா இருந்தா ஒத்து போகணும். ஒத்து வேணும்னா நிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்க தம்பி.” அதற்குப் பிறகு கோடு போடும் இடத்தில் ஒற்று இருந்தால் முதலில் அதை அழித்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன். அழிக்க மனசு வராவிட்டால் அங்கே நிற்கக் கூடாது என்று அர்த்தம். ‘இறைச்சுக் கொட்டினவ’வில் மனசு வரவில்லை. ‘என்னை குறை’யில் வந்தது. அப்பா அங்கே ஒரு கணம் தடுமாறுவது அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

அழுத்தத்துக்கு வருகிறேன். முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து நான் அடிக்கோடு போட்ட சொற்கள் ஏழு: ‘மழை’, ‘முழங்கால்’, ‘பூரா’, ‘ஒத்தையா’, ‘ஒரு வார்த்தை’, ‘வாங்கலை’, ‘காப்பாத்தினா’. தாளில் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னால் ஏழும் ஒரே உயரத்தில் நின்றன, எதுவும் காதில் தங்கவில்லை. சார் ஒரு கேள்விதான் கேட்டார்: “இதுல ஜனங்களுக்கு எது புதுசு?”

மழையும் வெள்ளமும் புதிதல்ல. முதல் காட்சியிலேயே பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டார். முழங்கால் அளவும் அவர் சொன்னதுதான். ராத்திரி பூரா இறைத்ததும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, அவள் தனியாக இறைத்தாள் என்பது. அப்படியானால் அப்பா அன்றைக்கு எங்கே இருந்தார்? நாடகம் மூன்றாம் காட்சியில் போய்த் தொடப்போகிற கேள்வியின் முதல் முனை இந்தச் சொல்லில்தான் இருந்தது. ‘ஒத்தையா’வுக்கு மட்டும் அடிக்கோட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். கடைசியில் ‘காப்பாத்தினா’. ‘வாங்கலை’யில் அழுத்தம் வைத்தால் அடுத்த சொல்லுக்கு ஏற இடமில்லாமல் போகிறது, அதனால் அதுவும் போனது. ஏழு இரண்டாயிற்று.

அந்த இரண்டையும் எப்படி அழுத்துவது என்பதும் ஒரு விஷயம். குரலை உயர்த்திக் குத்துவது மேடையில் பலருக்குக் கைவந்தது. நம் மொழியில் அதைவிட நீட்டுவதும் இறுக்குவதும்தான் இயல்பு. வீட்டில் பேசும்போது கவனித்தால் தெரியும். ‘ரொம்ப’ என்பதை அழுத்த வேண்டுமானால் ‘ம்’மில் கொஞ்சம் தங்குகிறோம். ‘பெரிய’ என்றால் ‘பெரீய’ என்று இழுக்கிறோம். ‘ஒத்தையா’வில் நான் செய்ய வேண்டியிருந்ததும் அதுதான், ‘த்’தில் ஒரு இமை நேரம் கூடத் தங்குவது. குரலை ஏற்றவே வேண்டியிருக்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று, ‘தான்’ வரும் இடங்களில் புதியவர்கள் ‘தான்’ மீதே அழுத்தம் வைப்பார்கள். ‘அவதான் காப்பாத்தினா’ என்றால் அழுத்தம் ‘அவ’ மேல் விழ வேண்டும். ‘தான்’ என்பது எழுத்தாளர் ஏற்கெனவே போட்டுத் தந்த அடிக்கோடு. அதன்மேல் நாம் இன்னொன்று போட வேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் நடந்தது எனக்கு இன்றைக்கும் வியப்பு. ‘நீ வித்துட்டுப் போகலாம்னு சொல்ற இந்த வீட்டை அவ வாங்கலை.’ ‘சொல்ற’ என்ற இடத்தில் எனக்கு மூச்சு எடுக்கத் தோன்றியது, எடுத்தேன். எதிரில் மகனாக நடித்தவர் உடனே தலை நிமிர்ந்தார். பேச்சுத் தமிழில் ‘சொல்றே’வும் ‘சொல்ற’வும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் அங்கே நின்றதும் எச்சம் முற்றாகிவிட்டது. ‘நீ வித்துட்டுப் போகலாம்னு சொல்றே’ என்று நேருக்கு நேர் குற்றம்சாட்டியதுபோல் ஆனது. பிறகு ‘இந்த வீட்டை அவ வாங்கலை’ என்று தனி வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அப்பா வேறு ஆளாகிவிட்டார்.

இரண்டு மாதிரியும் சொல்லிப் பார்த்தோம். நிறுத்தினால் அப்பா சண்டைக்குத் தயாரானவர். நிறுத்தாமல் போனால் மகனின் யோசனையை வீட்டுக்கு ஒரு அடைமொழியாக மட்டும் வைத்துக் கடந்துபோகிறவர். அது இன்னும் வலிக்கிறது என்று மகனாக நடித்தவரே சொன்னார். ‘சொல்ற’வுக்கும் ‘இந்த’வுக்கும் மேலே வளைவு போட்டேன். அந்த மூச்சை ‘நீ’க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

‘வாங்கலை’க்கும் ‘காப்பாத்தினா’வுக்கும் நடுவே முற்றுப்புள்ளி இருக்கிறது. மூச்சு எடுக்க வசதியான இடம். எடுக்காமல் விட்டேன். அங்கே நெஞ்சு விரிந்தால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒற்றைக் கோடு போட்டு, இருக்கிற காற்றிலேயே கடைசிச் சொல்லைச் சொல்வது என்று முடிவு செய்தோம். உட்கார்ந்து படித்த ஒத்திகைகளின் முடிவில் தாள் இப்படி இருந்தது. அடிக்கோடு ‘ஒத்தையா’வுக்கும் ‘காப்பாத்தினா’வுக்கும் மட்டும்தான், வளைவுக்குப் பதில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன்:

> உங்கம்மா இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச அன்னிக்கு || மழை பேஞ்சு கூடத்துல முழங்கால் அளவுக்கு நின்ன தண்ணியை | ராத்திரி பூரா ஒத்தையா நின்னு இறைச்சுக் கொட்டினவ || ஒரு வார்த்தை என்னை | குறை சொன்னதில்லை. || நீ வித்துட்டுப் போகலாம்னு சொல்ற–இந்த வீட்டை அவ வாங்கலை. | காப்பாத்தினா.

பிறகு எழுந்து நின்று நடக்க ஆரம்பித்தோம். உட்கார்ந்து போட்ட குறி நடக்கும்போது அப்படியே நிற்காது. இந்த வசனத்தின் நடுவில் அப்பா முற்றத்திலிருந்து கூடத்துக்கு இரண்டு படி ஏற வேண்டும், ஏறுவது சரியாக ‘ராத்திரி பூரா’வில். படி ஏறும்போது வயிறு இறுகி, இருக்கிற காற்றில் கொஞ்சம் செலவாகிவிடுகிறது. ‘கொட்டினவ’வின் கடைசி எழுத்து எனக்கே கேட்கவில்லை. ‘தண்ணியை’க்குப் பிறகு இருந்த ஒற்றைக் கோட்டை இரட்டையாக்கினேன். முதல் படியில் கால் வைக்கும் முன் ஒரு மூச்சு. தண்ணீரை நினைத்து அவர் நின்றதுபோல அது அமைந்துவிட்டது.

கடைசி எழுத்து கேட்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எப்போது, உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. ‘குறை சொன்னதில்லை’யில் ‘இல்லை’ விழுங்கப்பட்டால் குறை சொன்னாள் என்றே காதில் விழும். ‘வாங்கலை’யின் ‘லை’ தேய்ந்தால் அடுத்த ‘காப்பாத்தினா’வுக்கு அர்த்தமே இல்லை. மூச்சு தீருகிறவனுக்கு முதலில் போவது இந்த வால்தான். அதனால் எங்களிடம் ஒரு சோதனை உண்டு. வசனமே தெரியாத ஒருவரை ஹாலின் கடைசிச் சுவரில் கண்ணை மூடி உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்வோம். பள்ளியின் வாட்ச்மேன் அண்ணன்தான் பெரும்பாலும் வருவார். இந்த வசனத்துக்கு அவர் முதலில் எழுதியது ‘சொன்னது’, ‘வாங்க’, ‘காப்பாத்தினா’. இரண்டு ‘இல்லை’யும் போய்ச் சேரவில்லை. ‘சொன்னதில்லை’க்கு முன்னால் நான் வைத்திருந்த நிறுத்தத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. நிறுத்துகிறேன் என்று பெயர், உள்ளே மூச்சு போய்க்கொண்டே இருந்தது. ஒற்றைக் கோட்டில் காற்றை அடக்கிப் பிடிக்கப் பழக இரண்டு நாள் ஆனது. அடுத்த தடவை மூன்றும் முழுசாக எழுதியிருந்தார்.

அதோடு ஒரு பழக்கம் சேர்த்துக்கொண்டேன். ஓட்டம் முழுவதையும் போனில் பதிவு செய்து, வீட்டில் கேட்டுக்கொண்டே, உண்மையில் மூச்சு எடுத்த இடங்களில் வேறொரு பிரதியில் புள்ளி வைப்பேன். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கோடு இருந்து புள்ளி இல்லாத இடம் தேவையில்லாத கோடு, அழித்துவிடலாம். புள்ளி இருந்து கோடு இல்லாத இடம் கவனிக்க வேண்டியது. அங்கே உடம்பு ஏதோ கேட்கிறது. மூன்று பதிவிலும் ஒரே இடத்தில் அப்படி வந்தால் வசனத்தையே மாற்றித் தரும்படி எழுதியவரிடம் கேட்கலாம், கேட்டிருக்கிறேன், மாற்றித் தந்திருக்கிறார். எல்லாக் கட்டுகளும் ஒரே நீளத்தில் விழுகின்றனவா என்றும் இந்தத் தாளில்தான் தெரியும். ஐந்து சொல், மூச்சு, ஐந்து சொல், மூச்சு என்று வந்தால் வசனம் ராகமாகிவிட்டது என்று அர்த்தம். அதைக் குறியால் சரிசெய்ய முடியாது. தாளை மூடிவிட்டு அந்தச் சங்கதியை எதிரில் இருப்பவரிடம் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும்.

நாடகம் போட்டு முடித்துச் சில வருஷங்களுக்குப் பிறகு மறுபடி எடுத்தார்கள். அப்பா வேஷம் என்னைவிடப் பத்து வயது இளையவருக்குப் போனது. குரல் கனமானவர், நன்றாக நீந்துவார். என் பழைய பிரதியைக் கேட்டார், கொடுத்தேன். விதிப்படி இரண்டு வாசிப்பு வரை அதைத் திறக்காமல் வெறும் பிரதியில்தான் படித்தார். மூன்றாவது தடவைக்கு என் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ரப்பரைக் கையில் எடுத்தார். ‘அன்னிக்கு’வுக்குப் பக்கத்தில் இருந்த இரட்டைக் கோடு போனது, அவர் ‘தண்ணியை’ வரை ஒரே மூச்சில் போகிறார். ‘என்னை’க்குப் பிறகு நான் போட்ட கோட்டையும் எடுத்துவிட்டு, நான் அழித்திருந்த ‘க்’கைத் திரும்ப எழுதினார். அவருடைய அப்பா அங்கே தடுமாறமாட்டார் போலிருக்கிறது. ‘சொல்ற’ மேலே இருந்த வளைவில் கொஞ்ச நேரம் தயங்கி, இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து, அப்படியே விட்டார். ‘ஒத்தையா’வின் அடிக்கோட்டின் மேல் பென்சிலை இன்னொரு முறை ஓட்டினார்.